பழைய வாடிக்கையாளரை விளம்பரத்திலிருந்து விலக்குவது எப்படி: பட்டியல் தயாரிப்பிலிருந்து கசிவுக் கணக்கு வரை

புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஓடும் கேம்பெயினுக்கு "வாங்குபவரைக் கொண்டு வா" என்று இலக்கு கொடுக்கிறோம். "இதுவரை வாங்காதவரை" என்று எங்கும் சொல்வதில்லை. அல்காரிதம் கொடுத்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. வாங்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று தேடினால் ஏற்கெனவே வாங்கியவர்தான் முதலில் நிற்பார். தானாகவே திரும்பி வந்திருக்கக்கூடியவருக்கு விளம்பரம் காட்டி, அந்த விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. டாஷ்போர்டு பிரமாதமாகத் தெரியும். புது வாடிக்கையாளர் எண்ணிக்கை மட்டும் நகராது.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றி, அதை விலக்கு. ஆனால் பட்டியலை ஏற்றியதோடு பலரும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் கணிசமான பகுதி விளம்பரத் தளத்தில் யாரோடும் பொருந்தாது. பொருந்தாதவரைத் தளம் புதியவராகவே நடத்தும், அறிக்கையிலும் புதியவர் என்றே காட்டும். அதனால் இந்த வழிகாட்டி மெட்டாவை மையமாக வைத்து இரண்டு விஷயங்களில் அதிக நேரம் செலவிடுகிறது: பட்டியலைப் பொருந்தும்படி தயாரிப்பது, விலக்கையும் தாண்டி விளம்பரம் வழியே வரும் பழையவர்களை, அதாவது கசிவை, தளத்தின் அறிக்கையை நம்பாமல் சொந்த ஆர்டர் கணக்கில் அளப்பது. கூகுளில் வித்தியாசமாக இருக்கும் இடங்கள் கடைசியில் வருகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் விலக்குவதற்கு முன் இன்றைய நிலை தெரிய வேண்டும். புது வாடிக்கையாளர் கேம்பெயின்களின் லிங்க்குகள் அனைத்திலும் `utm_campaign` இருக்கட்டும். அந்த மதிப்பு ஆர்டரோடு சேர்ந்து சேமிக்கப்படட்டும். பிறகு ஆர்டர் தரவுத்தளத்தில் ஒரே கேள்விதான்: இந்தக் கேம்பெயின் வழியே வந்த ஆர்டர்களில் எத்தனை, அதே ஆள் முன்பே வாங்கியவை?

```sql
SELECT COUNT(*) FROM orders o
WHERE o.utm_campaign = 'prospecting'
  AND EXISTS (
    SELECT 1 FROM orders p
    WHERE p.customer_key = o.customer_key
      AND p.paid_at < o.paid_at);
```

இதில் `customer_key` என்பது கணக்கு எண்ணாக மட்டும் இருந்தால் போதாது. கணக்கு தொடங்காமல் விருந்தினராக வாங்கியவருக்கு ஒவ்வொரு முறையும் புது எண் விழும். நான்காவது முறை வாங்குபவரும் புதியவராகத் தெரிவார். சுத்தம் செய்த மின்னஞ்சல், சுத்தம் செய்த தொலைபேசி எண் இரண்டில் ஏதாவது ஒன்று ஒத்துப்போனாலே ஒரே ஆள் என்று இணைத்து அந்தச் சாவியை உருவாக்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கடைசிவரை இதையே தொடரலாம். ஆர்டர் புத்தகத்தில் 40,000 வாடிக்கையாளர்கள். நான்கு வாரச் செலவு 1,20,000 அலகுகள், வந்த ஆர்டர் 600. டாஷ்போர்டின்படி ஓர் ஆர்டருக்கு 200. மேலே உள்ள வினவலை அந்த நான்கு வாரத்துக்கு மட்டும் ஓட்டினால் 600-ல் 210 பழைய ஆட்கள் என்று தெரிகிறது. உண்மையில் வந்த புதியவர் 390 பேர். ஒருவருக்கான செலவு சுமார் 308. பேச வேண்டிய எண் இந்த 308தான்.

பழையவர் பங்கு பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால், கீழே வரும் வேலையெல்லாம் அவ்வளவு பலன் தராது. ஒரு எளிய விலக்கு வைத்துவிட்டு விளம்பரப் படைப்பில் கவனம் செலுத்துவதே மேல். இங்கே 35 சதவீதம். வேலை இருக்கிறது.

"பழையவர்" யார்?

இதைத் தொழில்தான் முடிவு செய்ய வேண்டும், தளம் அல்ல. ஒருமுறையாவது பணம் கட்டி, பொருளையோ சேவையையோ பெற்றுக்கொண்டவர் எல்லோரும் பழையவர் என்பதே தொடங்குவதற்கு ஏற்ற வரையறை. ஆர்டரை ரத்து செய்தவர், பொருளை வாங்க மறுத்தவர், முழுத் தொகையும் திரும்பப் பெற்றவர் ஆகியோரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்கள் இன்னும் வாடிக்கையாளர் ஆகவில்லை. தள்ளுபடிக்காக மின்னஞ்சல் கொடுத்துவிட்டு வாங்காமல் போனவரும் அப்படித்தான். செய்திமடல் பட்டியலை அப்படியே வாடிக்கையாளர் பட்டியலாக ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால், வாங்கும் வாசலில் நிற்கும் ஆட்களையே வெளியே தள்ளிவிடுகிறோம்.

நீண்ட காலம் வராதவர்கள் விஷயத்தில் ஒரு சஞ்சலம் வரும். இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதவரைப் புதியவராகக் கருதலாமா? முதல் ஆர்டருக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான நாட்களை எடுத்து வரிசைப்படுத்துங்கள். திரும்பி வந்தவர்களில் 90 சதவீதம் பேர் எட்டு மாதத்துக்குள் வந்திருந்தால், பதினாறு மாதம் மௌனமாக இருப்பவர் தானாக வரமாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அவருக்கும் விளம்பரம் காட்டலாம், ஆனால் தனிக் கேம்பெயினில், தனிப் பட்ஜெட்டில். புதியவர் கேம்பெயினுக்குள் அவரை விட்டால் கணக்கு மறுபடி குழம்பும்.

பட்டியலைத் தயாரிப்பது

மெட்டா உங்கள் பட்டியலில் உள்ள மின்னஞ்சலையும் எண்ணையும் ஹேஷ் செய்து, அதாவது திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, தன் பயனர்களின் விவரத்தின் ஹேஷோடு ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து பிசகினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். ஏறத்தாழ ஒத்துப்போனால் போதும் என்ற சலுகை அங்கே கிடையாது. அதனால் பொருத்தம் கூடுவது இரண்டு வழிகளில்தான்: ஒவ்வொருவருக்கும் கூடுதல் அடையாளங்கள் கொடுப்பது, கொடுப்பதைச் சரியான வடிவில் கொடுப்பது.

வேலைக்கு ஒரு மின்னஞ்சல், வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். உங்களிடம் வாங்கும்போது கொடுத்தது ஒன்று, சமூக ஊடகக் கணக்கில் இருப்பது வேறொன்று. இதற்காகவே மெட்டாவின் பட்டியலில் ஒரே தலைப்பை மீண்டும் போட்டு, ஓர் ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களையும் எண்களையும் கொடுக்க முடியும். பெயரும் அஞ்சல் குறியீடும் தனியாகப் பெரிதாக உதவாது. மற்றவற்றோடு சேர்ந்தால் உதவும்.

```
email,email,phone,fn,ln,zip,country
a@example.com,b@example.com,12025550123,maya,r,02139,US
```

தொலைபேசி எண் நாட்டுக் குறியீட்டோடு இருக்க வேண்டும். இடைவெளி, கோடு, முன்னால் வரும் பூஜ்யம் எதுவும் கூடாது. மின்னஞ்சல் முழுவதும் சிறிய எழுத்தில், முன்னும் பின்னும் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

பட்டியல்களைக் கெடுப்பதில் முதல் இடம் விரிதாள் மென்பொருளுக்குத்தான். சிஎஸ்வி ஃபைலை அதில் திறந்து அப்படியே சேமித்தால் பன்னிரண்டு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண் `9.19877E+11` போல மாறிவிடும். `02139` என்ற அஞ்சல் குறியீட்டின் முதல் பூஜ்யம் காணாமல் போகும். திரையில் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும். அதனால் ஏற்றுவதற்கு முன் ஃபைலை விரிதாளில் பார்க்காமல், சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து இருபது முப்பது வரிகளைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

விளம்பர மேலாளரில் நேரடியாக ஏற்றினால் பிரவுசரே ஹேஷ் செய்துகொள்ளும். நீங்கள் செய்யத் தேவையில்லை. நிறுவனக் கொள்கையின்படி நீங்களே செய்துதான் ஆக வேண்டும் என்றால் இந்த இரண்டு கட்டளைகளையும் ஓட்டிப் பாருங்கள்:

```
echo 'a@example.com' | sha256sum
printf '%s' 'a@example.com' | sha256sum
```

மின்னஞ்சல் ஒன்றுதான், விடைகள் வேறு. `echo` கடைசியில் ஒரு புதுவரி எழுத்தைச் சேர்க்கிறது; ஹேஷ் அதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. இரண்டாவதுதான் சரி. முதல் முறையில் தயாரித்த பட்டியலை ஏற்றினால் ஒரு பிழைச் செய்தியும் வராது, பொருத்தம் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

எவ்வளவு சுத்தம் செய்தாலும் சிலர் பொருந்தமாட்டார்கள். ஆப்பிளின் மின்னஞ்சல் மறைப்பு வசதி வழியே பதிந்தவரின் முகவரி உங்கள் கடைக்கென்றே உருவாக்கப்பட்டது, வேறெங்கும் இருக்காது. வணிகத் தளங்கள் தரும் இடைநிலை முகவரிகளும் அப்படித்தான். இவர்களுக்குத் தொலைபேசி எண் ஒன்றே வழி. தங்கள் தரவை விளம்பரத்துக்குப் பகிர வேண்டாம் என்று சொன்னவர்களையும், அழிக்கச் சொன்னவர்களையும் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவர்களுக்கு விளம்பரம் போய்ச் சேரும். அந்தக் கசிவை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மெட்டாவில் மூன்று அடுக்கு

பட்டியல் மட்டும் போதாமல் போவதற்குக் காரணம், அது கடைசியாக ஏற்றிய நாளோடு நின்றுவிடுகிறது என்பதே. அதனால் மூன்று ஆடியன்ஸ்களைச் சேர்த்து விலக்குங்கள்.

முதலாவது, மேலே தயாரித்த வாடிக்கையாளர் பட்டியல். இரண்டாவது, இணையதளத்தின் `Purchase` நிகழ்விலிருந்து உருவாகும் ஆடியன்ஸ். காலத்தை அது அனுமதிக்கும் அளவுக்கு நீட்டியே வையுங்கள். நேற்று வாங்கியவர் அடுத்த பட்டியல் ஏறும்வரை காத்திருக்காமல் இதில் விழுந்துவிடுவார். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. குறித்த நாள் கடந்ததும் ஆட்கள் தானாக வெளியேறிவிடுவார்கள். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 கண்காணிப்புக்கு அனுமதி கேட்கத் தொடங்கியதிலிருந்து, மறுத்தவர்களின் செயல்களில் ஒரு பகுதி இந்த ஆடியன்ஸுக்குள் வருவதும் இல்லை.

மூன்றாவது அடுக்கைப் பலர் யோசிப்பதில்லை. "என் ஆர்டர்கள்", "டெலிவரி நிலை" போன்ற பக்கங்களுக்கு வந்தவர்களை முகவரியை வைத்து ஓர் ஆடியன்ஸாக்குங்கள், `/account/orders` இருக்கும் முகவரிகள் என்று. வாங்கியவரைத் தவிர வேறு யாரும் அங்கே போவதற்குக் காரணம் இல்லை. பட்டியலில் பொருந்தாத பழைய ஆட்களில் ஒரு பகுதி இந்த வலையில் சிக்கும். லாகின் பக்கத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரும் அந்தப் பொத்தானை அழுத்துவார்.

விலக்கு ஆட் செட் அளவில் வைக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு ஆட் செட்டிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். `Advantage+ audience` பயன்படுத்தினால் நீங்கள் கொடுக்கும் வயது, ஆர்வம் போன்றவற்றில் பல வெறும் பரிந்துரைகளாகவே எடுத்துக்கொள்ளப்படும். தளம் அவற்றைத் தாண்டிப் போகலாம். `Audience controls` பகுதியில் வைக்கும் விலக்கு அப்படியல்ல, அது கட்டுப்படுத்தும். ஆடியன்ஸ்களை அங்கே வையுங்கள்.

கூடவே, கணக்கு அமைப்புகளில் `Audience segments` என்ற இடத்தில் இதே மூன்றையும் `Existing customers` என்று குறியுங்கள். அதன் பிறகு அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் புதியவர், ஈடுபாடு காட்டியவர், பழையவர் என்று செலவு தனித்தனியாகத் தெரியும். பயனுள்ள வசதிதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. விலக்கு எந்தப் பட்டியலை வைத்து நடக்கிறதோ, இந்தப் பிரிப்பும் அதே பட்டியலை வைத்தே நடக்கிறது. பட்டியலில் பொருந்தாத பழையவர் இங்கேயும் `New audience` என்ற வரியில்தான் உட்கார்ந்திருப்பார். விலக்கு வைத்த பிறகு பழையவர் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று காட்டினால், விலக்கு இயங்குகிறது என்று மட்டுமே பொருள். கசிவு இல்லை என்று பொருளல்ல.

பட்டியலைப் புதுப்பிக்கும்போது புது ஆடியன்ஸ் உருவாக்காமல், இருப்பதையே திருத்தி ஆட்களைச் சேருங்கள். புதிதாக உருவாக்கினால் ஒவ்வொரு ஆட் செட்டிலும் பழையதை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். ஏதாவது ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

எண்கள் மோசமாகத் தெரியும் கட்டம்

விலக்கு வைத்த முதல் ஏழு நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பே கிளிக் செய்தவர்களின் ஆர்டர்கள் அந்த வாரம் முழுக்க வந்துகொண்டிருக்கும். எட்டாம் நாளிலிருந்து நான்கு வாரம் எடுங்கள்.

நம் மாதிரிக் கணக்கில் அதே 1,20,000 செலவுக்கு இப்போது 480 ஆர்டர். டாஷ்போர்டு ஓர் ஆர்டருக்கு 250 என்கிறது, 200-லிருந்து ஏறிவிட்டது. இந்த இடத்தில்தான் யாராவது பதறி விலக்கை எடுத்துவிடுவார்கள். ஆர்டர் புத்தகத்தில் பார்த்தால் 480-ல் பழையவர் 60, புதியவர் 420. ஒரு புதியவருக்கான செலவு 308-லிருந்து சுமார் 286-க்கு இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் தொடங்குவதற்கு முன்பே பட்ஜெட்டுக்குப் பொறுப்பானவரிடம் எழுதிக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விலக்கப்பட்ட பழையவர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்களா? 40,000 பேரின் மொத்த மறு ஆர்டர்களை, எல்லா வழிகளையும் சேர்த்து, முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள். பெரிதாக மாறவில்லை என்றால் அந்த 210-ல் பெரும்பகுதி விளம்பரம் இல்லாமலே வந்திருக்கும் ஆர்டர்கள். தெளிவாகச் சரிந்தால், அவர்களுக்கு நினைவூட்டல் தேவைப்படுகிறது. மின்னஞ்சலிலோ தனிக் கேம்பெயினிலோ கொடுங்கள். பருவகால ஏற்ற இறக்கம் இருந்தால் முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிடுவது நல்லது.

மிச்சக் கசிவு எங்கிருந்து வருகிறது?

அந்த 60 பேரையும் ஒவ்வொருவராக, கடைசியாக ஏற்றிய ஃபைலில் தேடுங்கள். அரை நாள் வேலை, ஆனால் இதைவிடத் தெளிவாகக் காரணத்தைக் காட்டும் அறிக்கை எதுவும் இல்லை.

நம் கணக்கில் 27 பேர் ஃபைலிலேயே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 பேர் கடைசியாகப் பட்டியல் ஏற்றிய பிறகு முதல்முறை வாங்கியவர்கள். பட்டியல் மாதம் ஒருமுறை ஏறுகிறது. வாரம் ஒருமுறை ஆக்கினால் இவர்களில் பெரும்பாலோர் அடங்கிவிடுவார்கள். மீதி 12 பேர் நேரிலோ தொலைபேசியிலோ வாங்கியவர்கள். அந்த விற்பனை வேறொரு மென்பொருளில் பதிவாகிறது, பட்டியல் எடுக்கும் வினவல் அதைத் தொடுவதே இல்லை. அந்த இரண்டாவது மூலத்தை இணைக்க வேண்டும்.

அடுத்த 24 பேர் ஃபைலில் இருக்கிறார்கள், ஆனால் ஒரே ஓர் அடையாளத்தோடு. எண் இல்லை, அல்லது பல வருடத்துக்கு முந்தைய மின்னஞ்சல் மட்டும் இருக்கிறது. இவர்களில் பலர் இரண்டு பதிவுகளாகச் சிதறிக் கிடப்பார்கள்: ஒன்றில் மின்னஞ்சல், இன்னொன்றில் எண். ஒன்றாக்கி ஏற்றினால் பொருத்தம் கூடும்.

கடைசி 9 பேருக்கு எல்லா விவரமும் சரியாக இருக்கிறது, ஆனாலும் விளம்பரம் போயிருக்கிறது. வீட்டில் வேறொருவர் தன் கணக்கில் விளம்பரத்தைப் பார்த்து, பழையவரின் பெயரில் ஆர்டர் செய்திருக்கலாம். இதைத் துரத்த வேண்டாம்.

கூகுளில் வேறுபடுபவை

`Customer Match` பட்டியலில் தொலைபேசி எண் `+` குறியோடு தொடங்க வேண்டும். பெயர், மின்னஞ்சல், எண் ஆகியவை ஹேஷ் ஆகும். நாடும் அஞ்சல் குறியீடும் ஹேஷ் ஆகக் கூடாது. மெட்டாவுக்குத் தயாரித்த ஃபைலை அப்படியே இங்கே போட்டால் சிக்கல் வருவது இதனால்தான்.

பெரிய வேறுபாடு ஆயுள். 2025 ஏப்ரல் 7 முதல் இந்தப் பட்டியல்களில் ஒருவர் அதிகபட்சம் 540 நாள்தான் இருக்க முடியும். முன்பு காலாவதி இல்லாமல் வைக்க முடிந்தது. வாரந்தோறும் புதியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், 540 நாளுக்குப் பிறகு மிகப் பழைய ஆட்கள் சத்தமில்லாமல் விலக்கிலிருந்து விடுபடத் தொடங்குவார்கள். ஆகவே காலாண்டுக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் மறுபடி ஏற்றுங்கள்.

தேடல் கேம்பெயினில் பட்டியலை நேரடியாக விலக்கலாம். `Performance Max` பயன்படுத்துபவர்கள் புதிய வாடிக்கையாளர் இலக்கு என்ற அமைப்பைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு முறைகள். ஒன்று புதியவருக்கு மட்டும் ஏலம் கேட்பது. மற்றது எல்லோருக்கும் கேட்டு, புதியவருக்குக் கூடுதல் மதிப்பு சேர்ப்பது. இது யாரையும் விலக்காது. அதோடு, நீங்கள் சேர்த்த அந்தக் கற்பனை மதிப்பு `Conv. value` நெடுவரிசையிலும் கூடுவதால், வருவாய் விகிதம் உண்மையைவிட அழகாகத் தெரியும். பட்ஜெட் புதியவருக்கே போக வேண்டும் என்றால் முதல் முறைதான்.

யார் புதியவர் என்று கூகுள் தானாகவும் ஊகிக்கும், ஆனால் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வாங்கிய பக்கத்தின் டேகில் சொல்லிவிடுங்கள்:

```js
gtag('event', 'purchase', {
  transaction_id: orderId,
  value: total,
  currency: cur,
  new_customer: isFirstOrder
});
```

`isFirstOrder` மதிப்பை மேலே சொன்ன `customer_key` வைத்து சர்வரில் கணக்கிட்டு அனுப்புங்கள். பிரவுசர் குக்கீயை வைத்துத் தீர்மானித்தால் போனை மாற்றியவர் எல்லோரும் புதியவர் ஆகிவிடுவார்கள்.

சொந்த பிராண்டு பெயரைத் தேடி வருபவர்களில் பழையவர் அதிகம். `Performance Max` அந்தத் தேடல்களையும் விழுங்கிக்கொள்ளும் என்பதால் பிராண்டு விலக்கையும் வைத்துவிடுங்கள். தனி பிராண்டுக் கேம்பெயினில் பழையவரை விலக்குவது பற்றி மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். உங்கள் பெயரில் போட்டியாளர் விளம்பரம் செய்கிறார் என்றால், விலக்கப்பட்ட வாடிக்கையாளர் திரையில் முதலில் காண்பது அவரைத்தான். யாரும் செய்யவில்லை என்றால் தயங்காமல் விலக்கலாம். அவர் கீழே இருக்கும் இலவச முடிவைத் தட்டி வந்து சேருவார். தேடல் முடிவுகளை மாதம் ஒருமுறை பார்த்து இந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள்.